நூறு மில்லிமீட்டர் கோடு

திரும்பி வந்த லாரியைப் பார்த்ததுமே ஜாஸ்மின் வாசலுக்கு ஓடி வந்தாள். சரக்கு போன கம்பெனியிலிருந்து லாரி காலியாகத்தான் வர வேண்டும். இதுவோ போன மாதிரியே நிறைய வந்து நின்றது. டிரைவர் இறங்கும்போதே, "ஒண்ணுமே உள்ள நுழையலையாம்! அத்தினியும் ரிட்டர்ன்!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார்.

ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குத் திரும்பும் சாலையில் இருக்கும் சின்ன கம்பெனி, அவள் வேலை பார்ப்பது. பெரிய தொழிற்சாலைகளுக்குப் பாகங்களை அடுக்கி அனுப்ப ஃபோம் தட்டுகள் செய்து கொடுப்பார்கள். ஒரு பொருளின் வடிவத்தை ஃபோமில் குழியாக வெட்டினால் அந்தப் பொருள் அதில் அலுங்காமல் உட்கார வேண்டும். இந்த முறை ஒரு புது காரின் முன்விளக்கு மூடி. மாங்காயைப் படுக்க வைத்தது போல் வடிவம். நீளம் முப்பத்து நாலு சென்டிமீட்டர், அகலம் இருபது. மாதிரிக்கு ஒரு மூடிகூட இன்னும் கைக்கு வரவில்லை. கம்ப்யூட்டரில் வந்த படம்தான்.

அந்தப் படத்தை அசல் அளவிலேயே தாளில் அச்சடித்துக் கொடுப்பது ஜாஸ்மினின் வேலை. அதை அட்டையில் ஒட்டி, அட்டையை வெட்டி அச்சாக்கி, அதை வைத்து ஃபோமை வெட்டுவது இசக்கிபாண்டியின் வேலை. வெட்டியது சரியா என்று பார்ப்பவர்களும் அதே அட்டையைக் குழியில் போட்டுப் பார்த்துவிட்டு 'ஓகே' முத்திரை குத்துவார்கள். தாள் தப்பானால் அட்டை தப்பு, குழி தப்பு, முத்திரையும் தப்பு. இப்படி ஒரு முறையை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

அதற்காகத்தான் ஒவ்வொரு படத்தின் அடியிலும் நூறு மில்லிமீட்டர் கோடு ஒன்று இருக்கும். அச்சானதும் அதன்மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளக்க வேண்டும். நூறு இருந்தால்தான் ஜாஸ்மின் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கையெழுத்து இருந்துவிட்டால் இசக்கிபாண்டி மறுபடி அளக்க மாட்டார். "ஜாஸ்மினம்மா போட்டாச்சுல்லா, பெறவு எதுக்கு?" என்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து படப்பையில் வாடகைக்கு இருக்கும் மனிதர். கையில் கத்தி பிடித்தால் கோடு பிசகாது.

குவியலாகக் கிடந்த தட்டுகளில் ஒன்றை எடுத்து ஜாஸ்மின் குழியை அளந்தாள். நீளம் இருபத்து நாலு. அகலம் பதினாலு சொச்சம்.

அவளுக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது.

படத்தை அச்சடித்த அன்றைக்கு, அதற்கு வேண்டிய பெரிய ஏ3 தாள் தீர்ந்து போயிருந்தது. பிரிண்டர் தாள் கேட்டு அழுதுகொண்டிருந்தது. சூப்பர்வைசர் ராஜசேகர் கதவில் தலையை நீட்டி, "இன்னாம்மா, இன்னும் எவ்ளோ நேரம்? ஷிப்ட் முடியறதுக்குள்ள வெட்டணும்" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் அதில் பாதியான ஏ4 தாளைத் தேர்ந்தெடுத்து, 'தாளுக்குள் அடக்கு' என்பதை அமுக்கினாள். படம் அழகாக வந்து விழுந்தது. ஒரு பக்கம் வெட்டுப்படவில்லை, இன்னொரு பக்கம் வெள்ளை மிச்சமில்லை. சுற்றியிருந்த சட்டக்கோடு நாலு ஓரத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தி நின்றது. ஏ4 அச்சும் தினம் போவதுதான். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. ஸ்கேல் மேஜையிலேயே கிடந்தது. எடுக்கவில்லை. கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது ராஜசேகர் இசக்கிபாண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், இன்னாய்யா பண்ணி வச்சிக்கீற? கோட்டுமேல வெட்டுன்னா, சுத்தி அஞ்சு சென்டி உள்ள தள்ளி வெட்டிக்கினு நிக்கிற! கண்ணு தெரியலையா உனக்கு?"

"கோட்டுமேலதான் சார் வெட்டுனேன்" என்றார் இசக்கிபாண்டி. குரலில் உறுதி இல்லை.

"தாள் எங்க?"

"அட்டையோட ஒட்டி வெட்டுனதுல்லா சார். மிச்சத்த பிச்சுக் குப்பையில போட்டாச்சு."

ராஜசேகர் திரும்பி, "ஏம்மா, கம்ப்யூட்டர்ல அளவு சரியாத்தான கீது?" என்றார்.

"சரியாத்தான் சார் இருக்கு" என்றாள் ஜாஸ்மின்.

பொய் இல்லை. கம்ப்யூட்டரில் சரியாகத்தான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இவள் ஒரே ஒரு வாக்கியத்தில் செய்துவிட்டாள். அந்த மாதக் கடைசியில் அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நினைத்துத்தான் வாய் அப்படிப் பேசியது. பேசி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இசக்கிபாண்டியிடமிருந்து கத்தியை வாங்கிவிட்டார்கள். சனிக்கிழமையோடு கணக்கு முடிப்பதாக, அவரை வேலைக்கு அனுப்பியிருந்த காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். அதுவரை தட்டுகளை அடுக்கும் வேலை.

ஜாஸ்மின் அந்த வாரம் முழுக்க ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு எந்த முகத்தோடு போவது என்று வேறு கவலை. தானாகச் சரியாகிவிடும், வேறு கம்பெனியில் அவருக்கு வேலை கிடைக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இந்தப் பக்கம் கம்பெனிக்கா பஞ்சம்? சொல்லும்போதே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இசக்கிபாண்டி அவள் மேஜைக்கு வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி. படப்பை பஸ் ஸ்டாப் பக்கத்தில் வாங்கியதாம். ஸ்கேலை நீட்டி, ஒரு இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தார்.

"இது எத்தனைன்னு பாத்துச் சொல்லும்மா."

"இருபத்தி மூணு, அண்ணா."

"எனக்கும் அப்படித்தாம்மா தெரியுது. கண்ணாடி போட்டாலும் அதேதான், கழட்டுனாலும் அதேதான்." அவர் குரல் இறங்கியது. "ஆனா அன்னைக்கு என்னமோ தெரியாமத்தான போச்சு? வீட்ல வெங்காயம் நறுக்கக்கூடக் கத்திய எடுக்கப் பயமா இருக்கு. இனிமே மூட்டை தூக்குத வேலைதான் பாக்கணும்னு நெனைக்கேன்."

அவர் போய்விட்டார். ஜாஸ்மின் உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். வேலை போனது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மனிதர் தன் கையையே நம்பாமல் போய்விட்டாரே! எழுந்து, புதிதாக வந்திருந்த ஏ3 கட்டிலிருந்து ஒரு தாள், ஏ4 ஒன்று, வாசல் ரிஜிஸ்டரிலிருந்து கிழித்த ஒரு நீளத்தாள், அந்தத் தப்பு அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் சங்கரநாராயணன் அறைக்குப் போனாள். ராஜசேகரும் அங்கேதான் இருந்தார்.

"சார், இசக்கிபாண்டி அண்ணன் மேல தப்பில்ல. நான்தான் ஏ3 படத்த ஏ4-ல சுருக்கிக் குடுத்துட்டேன். அளக்காமயே கையெழுத்துப் போட்டேன்."

ராஜசேகர் நம்பவில்லை. "சுருக்கினா கோணலா வந்திருக்குமேம்மா? இந்த அட்டை ஒரிஜினல் மாதிரியே கீதே!"

"அதான் சார் வினையே."

ஜாஸ்மின் ஏ3 தாளை நடுவில் மடித்து ஏ4 மேல் வைத்தாள். ஓரத்துக்கு ஓரம் பொருந்தியது. "பாதியா மடிச்சாலும் வடிவம் மாறாது சார். நீளத்த அகலத்தால வகுத்தா ரெண்டுலயும் ஒண்ணு புள்ளி நாலு ஒண்ணுதான் வரும். ரெண்டோட வர்க்கமூலம்." பிறகு ரிஜிஸ்டர் தாளை மடித்தாள். ஒல்லியாக இருந்த தாள் மடித்ததும் குட்டையாகத் தடித்துப்போனது. "எல்லாத் தாளும் அப்படி இல்ல. இத மடிச்சா வேற வடிவம். இதுல அச்சடிச்சிருந்தா ஒரு பக்கம் வெள்ளை மிஞ்சியிருக்கும், நான் முழிச்சிக்கிட்டிருப்பேன்."

"அது ஏன் அந்த நம்பருக்கு மட்டும்?" என்றார் மேனேஜர்.

"மடிச்சா பழைய அகலம் புது நீளமாயிடும் சார். பழைய நீளத்துல பாதி புது அகலமாயிடும். அகலம் ஒண்ணு, நீளம் ஒண்ணு புள்ளி நாலு ஒண்ணுன்னு வச்சிக்குங்க. மடிச்சா நீளம் ஒண்ணு, அகலம் புள்ளி ஏழு. ஒண்ண புள்ளி ஏழு சொச்சத்தால வகுத்தா மறுபடி அதே ஒண்ணு புள்ளி நாலு ஒண்ணு. வேற எந்த நம்பரும் இப்படி ஒத்துக்காது. பரப்பு பாதி ஆகுது, ஒவ்வொரு நீளமும் நூத்துக்கு எழுபத்தொண்ணு ஆகுது."

அட்டையின்மேல் ஸ்கேலை வைத்தாள். "முப்பத்தி நாலு இருபத்தி நாலாச்சு. இருபது பதினாலாச்சு. ரெண்டும் ஒரே கணக்குல சுருங்கியிருக்கு. அண்ணன் சுத்தி அஞ்சு சென்டி உள்ள தள்ளி வெட்டியிருந்தா ரெண்டு பக்கமும் பத்துப் பத்து குறைஞ்சிருக்கும். அகலம் பத்துதான் மிஞ்சும், பதினாலு இருக்காது. அவர் கோட்டுமேலதான் சார் வெட்டியிருக்காரு. ஒரு மில்லிகூடப் பிசகல."

ராஜசேகர் ஸ்கேலை வாங்கி இரண்டு தடவை அளந்தார். பிறகு, "அந்தாள கண்டபடி பேசிட்டேனே" என்று முனகினார்.

சங்கரநாராயணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

இசக்கிபாண்டியைக் கூப்பிட்டு அவளே சொன்னாள். அவர் அட்டையையும் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்குண்ணா. உங்க கையும் நல்லா இருக்கு."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது.

"இது உனக்கு எப்பம்மா தெரியும்?"

"லாரி வந்த அன்னைக்கே, அண்ணா."

அவர் கையிலிருந்த அட்டையை மேஜைமேல் வைத்தார். "மத்தியானம் ஒங்கிட்டதானம்மா வந்து அளவு பாக்கச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள்.

திங்கட்கிழமை அவர் கையில் மறுபடி கத்தி இருந்தது. ஜாஸ்மின் ஏ3-இல் அச்சடித்து, கோட்டை அளந்து, கையெழுத்துப் போட்டு, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அளந்துட்டேண்ணா. நூறு இருக்கு."

"சரிம்மா" என்றார் இசக்கிபாண்டி. தாளை வாங்கி மேஜையில் விரித்தார். பிறகு அவள் முன்னாலேயே ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அந்தக் கோட்டின்மேல் வைத்து, குனிந்து நிதானமாக அளந்தார்.