ஒரு பொத்தானுக்கு மூன்று பெயர்

மொழிபெயர்ப்புப் பிரிவில் பயிற்சிக்கு வந்த பெண்ணுக்கு ஒரே சொல்லை இருமுறை எழுதினால் கை கூசும். பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் பழக்கம், வேறென்ன? தொழிற்சாலை இயந்திரத்தில் ஒட்டவேண்டிய ஆங்கில அறிவிப்பு மூன்று வரியிலும் நிறுத்தும் பொத்தானுக்கு ஒரே பெயரைத்தான் சொன்னது. இந்த மகராசியோ அதை 'அவசர நிறுத்தப் பொத்தான்', 'ஆபத்து விசை', 'உடன்நிறுத்தி' என்று விதவிதமாகச் சிங்காரித்தாள்.

அச்சுக்கு அனுப்புமுன் மதிய மயக்கத்தில் கண் சொருகியது. கனவில் இயந்திரம் அவள் சட்டைக்கையை மெல்லக் கவ்வி இழுத்தது. எதிரே மூன்று பொத்தான்கள் குமிழிகளாய் மிதந்தன. எதை அமுக்குவது?

திடுக்கிட்டு விழித்தவள், மூன்று இடத்திலும் 'அவசர நிறுத்தப் பொத்தான்' என்றே மாற்றினாள்.

"என்னடி, பாடின பாட்டையே பாடியிருக்கே?" என்று எட்டிப்பார்த்தாள் பக்கத்து இருக்கை அக்கா.

"அலுத்தா அலுக்கட்டும்க்கா. படிக்கிறவங்க கை முழுசா இருக்கணும்ல?"