மோதிர விரலின் சாய்வு

அந்தக் கையை நான் திரையில் பார்த்தபோது காலை பதினொரு மணி. பார்லரில் இன்னும் கூட்டம் வரவில்லை. மேடம் உள்ளே யாருக்கோ பெடிக்யூர் செய்துகொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தமும் அவர் சிரிப்பும் கேட்டன.

மேடத்துக்கு நாலு ஊரில் பயிற்சி மையம் இருக்கிறது. கடைசித் தேர்வுக்கு, படிக்கிற பெண்கள் ஒரு மாடலின் கையில் வேலை செய்து, நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்புவார்கள். படத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த ஊர் என்பதும் எனக்குத் தெரியாது. முன்பு ஒருத்தி தன் நாத்தனாருக்கு மார்க்கை வாரி வழங்கியதிலிருந்து இந்த ஏற்பாடு. மார்க் போடுவது இப்போது நான். "உனக்குத்தான் வாயே கிடையாது, யாரும் உன்னை மயக்க முடியாது" என்று சொல்லித்தான் மேடம் இந்த வேலையைக் கொடுத்தார்.

முதலில் வடிவம். ஐந்து நகமும் ஒரே வடிவில் இருக்கிறதா, இரண்டு ஓரமும் சரிசமமாக இறங்குகிறதா என்று பார்ப்பேன். அடுத்து கியூட்டிகிள். நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் செத்த தோலை மட்டும் எடுத்திருக்க வேண்டும். உயிருள்ள தோலில் கத்தரி பட்டால் சிவப்பாகத் தெரிந்துவிடும். கடைசியாக பாலிஷ். தோலுக்கும் பாலிஷுக்கும் நடுவே ஒரு முடி அளவு இடைவெளி வேண்டும். நகத்தின் மேல் விழும் விளக்கின் வெளிச்சக் கோடு உடையாமல் ஓட வேண்டும். கோடு நெளிந்தால் பூச்சு மேடுபள்ளம். மூன்றில் ஒன்றில் தவறினாலும் பத்து நாள் கழித்து, அதே மாடலுக்கு மறுபடி செய்து அனுப்ப வேண்டும்.

நாற்பத்தேழாம் எண். இடது கை. வெங்காயத்தோல் நிறத்தில் பாலிஷ். வெளிச்சக் கோடு ஐந்திலும் நேராக ஓடியது. கியூட்டிகிள் அவ்வளவு சுத்தம். பிறகு மோதிர விரலைப் பெரிதாக்கினேன். விரலின் நுனி சுண்டுவிரல் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. முதல் கணுவுக்குக் கீழே வெள்ளையாக ஒரு பிறைத் தழும்பு.

தழும்பு திரை முழுக்க நிறையும்வரை பெரிதாக்கினேன்.

அந்தத் தழும்பு நான் போட்டது. எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பத்து. "நான்தான் முதல்ல குளிப்பேன்" என்று குளியலறைக் கதவை இழுத்து அறைந்தேன். அவள் விரல் நடுவில் இருந்தது. காயம் ஆறியும் விரல் கோணலாகவே நின்றுவிட்டது. அம்மாவிடம் அவள் சொன்னது, "நானே மாட்டிக்கிட்டேம்மா."

அக்கா வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம். அவள் விரும்பிய ஆளை அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பினார். மறுநாள் அவளும் இல்லை. போன் எண்ணையும் மாற்றிவிட்டாள். அப்பா போன வருஷம் இறந்தபோதும் சொல்லி அனுப்ப வழியில்லை. அம்மா படுத்துவிட்டாள். தினமும் ஒரே கேள்வி: "அவ உயிரோட இருக்காளாடி? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

மேடத்திடம் ஓடிப்போய், இது எந்த ஊர் என்று கேட்டிருக்கலாம். எழுந்தேன். உள்ளறைக் கதவு வரை போனேன். மேடம் நிமிர்ந்து, "என்னடி, பூனை மாதிரி நிக்கிற?" என்றார்.

"ஒண்ணுமில்ல மேடம். பஞ்சு தீர்ந்திருக்கான்னு பார்க்க வந்தேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

நாற்பத்தேழாம் எண் கெட்டிக்காரி. நகத்தை நேராக ராவியிருந்தால் வளைந்த விரலில் அது கோணலாகத் தெரிந்திருக்கும். அவள் விரலின் போக்கிலேயே ராவி, சாய்வு கண்ணில் படாமல் செய்திருந்தாள். கட்டைவிரல் நகம் கடித்துக் கடித்துக் குட்டையாகிப் போயிருந்தது. மற்ற நாலையும் அந்த அளவுக்கே குறைத்து, ஓரத்தை உருட்டி, ஐந்தையும் ஒரு குடும்பமாக்கியிருந்தாள். முழு மார்க் போட வேண்டிய வேலை.

முழு மார்க் போட்டால் அதோடு முடிந்தது. அந்தக் கை திரும்ப வராது.

வடிவம் என்ற கட்டத்தில் எழுதினேன்: "மோதிர விரல் நகம் ஒரு பக்கம் சாய்ந்துள்ளது. மறுபடி செய்யவும்." அந்தச் சாய்வு ராவியதால் வந்தது இல்லை, கதவில் நசுங்கி வந்தது என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி நான்.

அடுத்த முறை படம் வருவதற்குள் வாயைத் திறந்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நாளும் மேடத்தின் முன்னால் போய் நின்றேன். பத்து நாளும் பஞ்சைப் பற்றியோ துண்டைப் பற்றியோ பேசிவிட்டுத் திரும்பினேன்.

பதினோராம் நாள் படம் வந்தது. நாற்பத்தேழு. பருமனான, மாநிறக் கை. விரல்கள் ஐந்தும் நேர். கீழே ஒரு குறிப்பு: "பழைய மாடல் ஊரை விட்டுப் போய்விட்டார். மன்னிக்கவும்."

அன்றைக்கு நான் அழுததைப் பார்த்துத்தான் மேடம் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வருஷத்தில் அவரிடம் நான் பேசியதெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு இருக்காது.

"அடிப் பாவி. அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனேடி. எண் போட்டது நாத்தனாருக்கு மார்க் போடாம இருக்க. அக்காவைத் தேடாம இருக்கவா?"

மையத்துக்குப் போன் போட்டு, அந்தப் பெண்ணையே பேச வைத்தார். ஸ்பீக்கரில் சின்னக் குரல் வந்தது.

"அந்த அக்காவா? எங்க மாடி வீட்ல தனியா இருந்தாங்க மேடம். அவங்க வீட்டுக்காரர் விட்டுட்டுப் போய் ரொம்ப நாளாச்சாம். நான் கேட்டதும் கையைக் கொடுத்தாங்க. யாராவது கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா நல்லாயிருக்குன்னு சொல்வாங்க. போன வாரம் வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. எங்கன்னு சொல்லலை."

மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றது அந்தக் குரல். "நான் ஃபெயில்னு தெரிஞ்சதும் அந்த அக்கா ரொம்ப வருத்தப்பட்டாங்க. 'என் விரல் கோணல்மா, உன் தப்பு இல்லை, என்னாலதான் உனக்கு இப்படி ஆச்சு'ன்னு சொன்னாங்க. அவங்க விரல்தான் காரணமா?"

"இல்லைம்மா" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "உன் வேலை சரி. அவங்க விரலும் காரணமில்லை. மார்க் போட்டது நான். நான்தான் தப்புப் பண்ணினேன்."

முதல் படத்துக்கே முழு மார்க் போட்டு, அவளைத் தேர்ச்சி என்று எழுதினேன். மேடம் தடுக்கவில்லை. "அவ மறுபடி உன்கிட்ட வந்தா எனக்குப் போன் பண்ணு" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வைத்தார்.

சாயந்திரம் அந்த முதல் படத்தை என் போனில் ஏற்றிக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். தழும்பைக் கண்டதும் திரையைத் தொட்டாள். படம் நகர்ந்துபோனது. பதறி, "எங்கடி போச்சு?" என்றாள். சரிசெய்து கொடுத்தேன்.

"உயிரோட இருக்கா" என்றேன்.

"இளைச்சிருக்காளா?"

"விரலை வெச்சு அதெல்லாம் தெரியாதும்மா."

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "நகமெல்லாம் எவ்வளவு அழகா இருக்கு பாரு. அவன் அவளை நல்லாத்தான் வெச்சிருக்கான் போல."

கட்டைவிரல் நகத்தின் நுனியை நான் பார்த்தேன். பாலிஷுக்குள்ளும் தெரிந்தது, கடித்த இடம்.

"ஆமாம்மா" என்றேன்.