மூலை ஓட்டை

சீனச் சண்டை வந்த குளிர்காலத்தில் திருப்பூர்ப் பெண்களுக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. எல்லையில் நிற்கும் ஜவான்களுக்கு உல்லன் சாக்ஸ் பின்னி அனுப்புவதென்று மாதர் சங்கத்தில் முடிவானது. ஊரே பனியன் ஊர், சாக்ஸ் என்ன பெரிய வித்தை என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. அதை வாய்விட்டுச் சொல்லி மாட்டிக்கொண்டவள் சாரதாமணி ஒருத்திதான்.

"எங்கூட்டுல கண்ணியும் பின்னலும் ரத்தத்துலயே இருக்குதுங்க" என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். அவள் புருஷன் குமாரவேலுக்குப் பனியன் கம்பெனி. இவளோ அதுவரை ஊசியைத் தொட்டது முருங்கைக் கீரை உருவும் நேரம் போக மிஞ்சிய நேரத்தில், பொத்தான் தைக்க. ஆனால் பார்டரில் அவள் தம்பி மருதாசலம் இருந்தான். பனியில் கால் மரத்துப்போகிறதென்று எழுதியிருந்தான். அந்த வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை.

பின்னச் சொல்லிக்கொடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி, கணுக்கால் வரைக்கும் கொண்டுவந்துவிட்டு, புருஷனுக்கு மாற்றலானதும் போய்விட்டாள். குதிகால் பின்னத் தெரிந்தவள் ஊரில் மிச்சம் ஒருத்தி, குமாரவேலின் அக்கா, சாரதாமணி நங்கை என்று கூப்பிடும் செல்லாத்தாள். சாக்ஸ்களைச் சோதித்துப் பார்சலில் சேர்ப்பவளும் அவளே. குதிகால் மூலையில் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள். விரல் நுழைந்தால் சாக்ஸ் திரும்பி வந்துவிடும்.

"பாதி வரிசையில திரும்போணும், அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னாள் செல்லாத்தாள்.

வரிசையைப் பாதியில் விடுவதா? சாரதாமணிக்கு மனசு ஒப்பவில்லை. கம்பெனி மெஷின் சுற்றச் சுற்ற ஒரு கண்ணி, ஒரு நூல் வளையம்கூட விடாமல் பின்னுவதைப் பார்த்தவள். கடைசிக் கண்ணி வரைக்கும் ஒழுங்காகப் பின்னினாள். குதிகால் வளையவே இல்லை. மாட்டு நாக்கு மாதிரி நீண்டுகொண்டே போனது.

"இதை எந்தக் காலுல போடறது?" என்றான் குமாரவேல்.

பிரித்துவிட்டு, வேறு வழியில்லாமல் பாதியில் திரும்பினாள். நடுவைக் கொஞ்சம் தாண்டி, இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்து, இன்னொன்றையும் பின்னி, மிச்சத்தை ஊசியிலேயே விட்டுத் திரும்பினாள். அந்தப் பக்கமும் அப்படியே. திரும்பிய இடத்தில் ஒரு சந்து விழுந்தது. அடுத்த தடவை அந்தச் சந்தின் இருபக்கக் கண்ணிகளையும் சேர்த்துப் பின்னினாள். ஓரத்தில் காத்துக் கிடந்த கண்ணிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து சேர, கண்ணெதிரே குதிகாலுக்கான குழி உருவானது. அதில் தன் முழங்கையைப் பொருத்திப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு குதிகாலின் இரு ஓரங்களிலும் கண்ணிகளை எடுத்துப் பாதத்தைப் பின்னி முடித்தாள். ஜோடியையும் அப்படியே பின்னினாள். இரண்டிலும், குதிகாலும் புறங்காலும் சேரும் மூலையில், இரண்டு பக்கமும் பட்டாணி நுழையும் ஓட்டை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இதுக்கா அழுவாங்க? நாளைக்குப் பாரு" என்றான் குமாரவேல். காலையில் இரண்டு சாக்ஸிலும் ஓட்டையைக் காணோம். கம்பெனியில் பனியன் துணியில் ஓட்டை விழுந்தால் ஊசி நூலால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். அதையே செய்திருந்தான். "யாரு பிரட்டிப் பாக்கப் போறாங்க?"

சங்கத்தில் செல்லாத்தாளின் சுண்டுவிரல் நுழையவில்லை. "பரவால்லயே" என்று பார்சலில் போட்டாள். சாரதாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடு பார்சலில் கிடந்த சாக்ஸுக்குள் கைவிட்டுத் தடவியவள் விரலில் கொட்டை மாதிரி முடிச்சுகள் இடறின. பூட்ஸுக்குள் அதோடு மலையேறப் போகிற கால் யாருடையதோ. மருதாசலம் மாதிரி ஒருவனுடையதுதானே!

"இது வேண்டாங்க நங்கை. உள்ள முடிச்சு இருக்குது. கால் கொப்புளிச்சுப் போயிரும்" என்று எல்லார் முன்னாலும் வெளியே எடுத்தாள். மானம் போனது போனதுதான். அங்கேயே உட்கார்ந்து முடிச்சை வெட்டி, விரல் நுனியிலிருந்து குதிகால் வரைக்கும் பின்னலைப் பிரித்தாள்.

ஓரக் கண்ணிகளை மறுபடி எடுத்துக்கொண்டு மூலைக்கு வந்ததும் ஊசியை நிறுத்தி உற்றுப் பார்த்தாள். ஓட்டை விழுகிற இடத்தில் ஒரு நூல் தளர்ந்து குறுக்கே கிடந்தது. இவ்வளவு நாளும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறாள்! அதை ஊசியால் தூக்கி, ஒரு முறுக்கு முறுக்கி, கூடுதல் கண்ணியாகப் பின்னினாள். அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்து ஒன்றாக்கினாள். மூலை மூடிக்கொண்டது.

செல்லாத்தாள் சுண்டுவிரலை வைத்து அழுத்தினாள். நுழையவில்லை. உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். முடிச்சும் இல்லை. பிறகு பார்சலின் அடியில் கைவிட்டு, எல்லாருக்கும் மாதிரியாக வைத்திருந்த தன்னுடைய ஜோடியை உருவி, முந்தானைக்குள் மறைத்தபடி சாரதாமணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த நூலை எப்படித் தூக்கினே, கண்ணு? மெதுவாச் சொல்லு. உம்புருசன் எனக்கும் தெச்சுத்தான் குடுத்தான்" என்றாள்.