கடைசிப் பதினாறு பக்கம்

மத்தியானம் இரண்டு மணிக்கு, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கை போன் செய்தபோது நிமிஷக்காரி நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு யூடியூப் சேனலில் வாரம் ஒரு நாவலை ஒரே நிமிடத்தில் சொல்வதால் அந்தப் பெயர். வீட்டில் கோபம் வந்தால் ஒரு மணி நேரம் பேசுவாள், அது வேறு விஷயம்.

"அக்கா, நீ சொன்ன நாவல் முடிச்சிட்டேன். அந்தப் பெட்டியத் தொறந்ததும் மருந்துக்கடைல உக்காந்து அழுதுட்டேன், போ!"

"பெட்டியத் தொறந்தாளா? யாரு தொறந்தா?"

"நீதானக்கா படிச்சுட்டு வாங்கச் சொன்ன?"

கையிலிருந்த சட்டை நழுவியது. அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். 272. 'அவள் சாவியைப் பூட்டில் வைத்தாள்.' முற்றுப்புள்ளி. அடுத்தது அட்டை.

"உன்னோடதுல கடைசிப் பக்கம் எத்தன?"

"இருநூத்தி எண்பத்தெட்டு."

பதினாறு பக்கங்கள். அச்சகத்தில் பெரிய தாளைப் பதினாறு பக்கமாக மடித்து, மடிப்பின் மேல் மடிப்பாக வைத்துத்தான் ஒட்டுவார்கள். இவள் பிரதியில் கடைசி மடிப்பை வைக்க மறந்துவிட்டார்கள். வாக்கியம் முழுதாக முடிந்திருந்ததால் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வராததுகூடப் பரவாயில்லை, மூளை ஒரு படி மேலே போய் அதைப் புகழ்ந்துவிட்டது. 'பெட்டியைத் திறக்காமலே முடித்த ஆசிரியரின் துணிச்சலுக்காகவே இதைப் படியுங்கள்' என்று காலையில்தான் பேசி, பதிவுசெய்து, அனுப்பியிருந்தாள். மாலை ஆறு மணிக்கு அது வெளியாகிவிடும்.

போன வாரம்தான் சேனல் எடிட்டர் கூப்பிட்டு, கடைசி மூன்று வீடியோவையும் ஜனங்கள் பதினோராவது வினாடியில் தள்ளிவிட்டுப் போவதைக் காட்டியிருந்தார். இதுவும் அப்படிப் போனால் அந்த இடத்தில் செல்போன் விமர்சனம் வருமாம்.

பயந்துகொண்டே அவருக்குப் போன் செய்தாள்.

"சார், அந்த வீடியோவ நிறுத்தி வைங்க. அதுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு? பாத்தேனே, நல்லாத்தான் இருக்கு."

"முடிவப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன்."

"படிச்சுப் பாத்து யாரும்மா சண்டைக்கு வரப்போறாங்க? நானே புத்தகம் தொட்டுப் பத்து வருஷம் ஆச்சு."

சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. ஆனால் எழுதியவர் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே ஒன்பது வருடம் எழுதிய முதல் நாவல் அது. ஆறு மணிக்கு அந்த மனுஷன் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பார். தான் திறந்து வைத்த பெட்டியைத் திறக்கவில்லை என்று ஒருத்தி புகழ்ந்தால் எப்படி இருக்கும்?

"வேற அனுப்பறேன் சார்."

"அஞ்சரைக்குள்ள. ஒரு நிமிஷம் தாண்டினாலும் பழசுதான் போகும்."

பஸ் பிடித்து மருந்துக்கடைக்கு ஓடினாள். தங்கை புத்தகத்தை இருமல் மருந்துகளுக்கு நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே பதினாறு பக்கத்தையும் படித்தாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. நடந்து வந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. இனிதான் தலைவலி ஆரம்பம்.

ஒரு நிமிடம் என்றால் அவள் பேசும் வேகத்துக்கு நூறு வார்த்தை, அதற்கு மேல் போனால் மூச்சு வாங்கும். முதல் மூன்று வினாடியில் கேட்பவர் கட்டைவிரல் நிற்க வேண்டும். பிறகு ஒரே ஒரு ஆள், அவருக்கு வந்த ஒரே ஒரு சிக்கல். கிளைக்கதை, ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு, 'அருமை', 'அற்புதம்' எதற்கும் இடமில்லை. நடுவில் புத்தகத்திலிருந்தே ஒரு வரி, எழுத்தின் ருசிக்கு. கடைசியில் பெயர். இதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இன்று பாடம் உதவவில்லை. முடிவு தெரிந்துபோனதால் எப்படி எழுதினாலும் அது எட்டிப் பார்த்தது.

வார விடுமுறையில் வீட்டிலிருந்த கணவனைப் பிடித்து உட்கார வைத்தாள். லிப்ட் மெக்கானிக். எழுத்துக் கூட்டிப் படிப்பது சர்க்யூட் படம் மட்டும்தான். அதனால்தான் அவன் நல்ல உரைகல்.

முதல் வரைவைப் படித்தாள். "மனித உறவுகளின் ஆழத்தைப் பேசும்..."

"தூக்கம் வருது."

இரண்டாவது வரைவு. ஐம்பத்தெட்டு வினாடி, கச்சிதம். 'அம்மா என்ற சொல்லுக்குப் புது அர்த்தம்' என்று முடித்திருந்தாள்.

"ஓ, அவங்க அம்மாவோட பெட்டியா? பாவம். நல்ல கதை." எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

கேட்டவன் திருப்தியாகிவிட்டால் வேலை கெட்டது. பசியைக் கிளப்பச் சொன்னால் சாப்பாடே போட்டு அனுப்பிவிட்டாள். தாளைக் கிழித்தாள். மணி நாலே முக்கால். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இதுக்கு ஏன் அழுவுற?" என்றான் அவன். "காலைல நல்லாத்தான இருந்த? நடுவுல என்ன ஆச்சு?"

சொன்னாள். பக்கம் இல்லாதது, தெரியாமல் புகழ்ந்தது, பஸ், கம்பி, தாண்டிப்போன நிறுத்தம் எல்லாம். தண்ணீர் சொம்பு பாதி வழியில் நின்றது.

"சரி, சாவி போட்டா. அப்புறம்?"

அவன் இப்படி 'அப்புறம்' கேட்டு அவள் பார்த்ததே இல்லை. பேனாவைத் தேடினாள். இதை வீடியோவில் சொன்னால் ஒழுங்காகப் பார்க்காமல் பேச வந்தவள் என்று ஊரே சிரிக்கும், எடிட்டர் இதையே சாக்காக வைத்து அனுப்பிவிடலாம். இருந்தாலும் நடந்ததையே எழுதினாள்.

ஐந்து பத்துக்குக் கணவன் போனைப் பிடிக்க, ஜன்னல் வெளிச்சத்தில் குறைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள்:

"இந்தப் புத்தகத்துல கடைசிப் பதினாறு பக்கம் இல்ல. அது தெரியாம, முடிவு பிரமாதம்னு உங்ககிட்ட சொல்ல இருந்தேன். ரயில்வே ஸ்டேஷன்ல, தொலைஞ்ச சாமான் வைக்கிற ரூம். ஊரே மறந்துட்டுப் போன குடைங்களுக்கு ஒரு பொம்பள காவல். ஒருநாள் ஒரு பெட்டி வருது. மேல இவ பேரு. இவ பாத்தே இராத பெட்டி. 'நம் பெயரை அறியாத கையெழுத்தில் காண்பது, யாரோ நம்மைத் தேடியதற்குச் சாட்சி.' இது எழுபதாம் பக்கம். அதுக்கப்புறமும் அவ தொறக்கல. ஏன்னு கேட்டுக்கிட்டே இருநூறு பக்கம் ஓடினேன். சாவி பூட்டுல போன இடத்துல என் புத்தகம் தீந்துபோச்சு. பஸ் புடிச்சுப் போய் மிச்சத்த நின்னுக்கிட்டே படிச்சேன். எறங்க மறந்துட்டேன். பெட்டில என்ன? சொல்லமாட்டேன். நாவல் பேரு 'உரியவர் வரும்வரை'. வாங்கும்போது கடைசிப் பக்கம் இருநூத்தி எண்பத்தெட்டான்னு பாத்து வாங்குங்க."

ஐம்பத்தொன்பது வினாடி. ஐந்து இருபத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆறு மணி ஆனது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். ஆறு பத்துக்குப் போன் அடித்தது. எடிட்டர். எடுத்தாள்.

"ஏம்மா."

"சார், தப்புதான் சார். பக்கத்த எண்ணியிருக்கணும்..."

"அத விடு. பெட்டில என்ன இருந்துச்சு?"

"சொல்லமாட்டேன் சார்."

"நான் உன் எடிட்டர்மா."

"தெரியும் சார்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி, புத்தகக் கடை எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும்?"

எட்டு மணி வரை என்றாள். பதினோராவது வினாடியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தது போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் கணவன் இரண்டு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் பார்த்து, ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு, தங்கையின் புத்தகத்தில் முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான்.