ஆட்டுத்தோல் அங்கியின் எடை

சனிக்கிழமை காலையில் ஜிபார் கட்டத்தாளை மேசையில் விரித்தாள். நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்களை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் மாமனார் அப்தில்தாவின் காலை எடையும் கால் வீக்கமும் பென்சிலில் இருந்தன. அடுத்த அறையில் அவர் இருமிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இருமலுக்கும் அவள் கை நின்று நின்று போனது.

பயம்தான், வேறென்ன? போன மாதம் நரின் டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அவள் மறக்கவில்லை. இதயம் களைத்துவிட்டது, உடம்பில் நீர் தங்கும், கவனிக்காமல் விட்டால் அந்த நீரே நெஞ்சுக்குள் ஏறி மூச்சை அடைக்கும். கணவன் எர்மெக் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். போனில் “அப்பாவப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். சொல்வது சுலபம் அவனுக்கு.

தாளைக் கொடுத்தது ஊர் மருந்தக நர்ஸ் கலிச்சா. மூன்று வண்ணப் பட்டைகளைக் கலர் பென்சிலால் தீட்டி, மேலே கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். “முதல் நாள் எடைதான் அடிக்கோடு. பச்சைக்குள்ள இருந்தா நிம்மதியா டீ குடி. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினாலோ, வீக்கம் கணுக்காலத் தாண்டினாலோ மஞ்சள், அன்னிக்கே எனக்குப் போன் போடு. படுக்க முடியல, உக்காந்தாலும் மூச்சு வாங்குதுன்னா சிவப்பு. அப்ப எனக்காகக் காத்திருக்காத, நேரா 103-க்கு அடிச்சு ஆம்புலன்ஸக் கூப்பிடு. தினமும் ஒரே துணியோட, பாத்ரூம் போயிட்டு வந்து, டீக்கு முன்னாடி நிறுத்து. கண்ணுல படுறத எல்லாம் எழுது.”

“ஆட்டை நிறுத்துற மாதிரி என்னையும் நிறுத்தப் போறீங்களா?” என்று கிழவர் அன்றே சிரித்தார். நாற்பது வருடம் ஆட்டு வியாபாரி. தராசைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஜிபார் புள்ளிகளை வைத்தாள். திங்கள் 82. செவ்வாய் 82.4. புதன் 82.9. அன்று அவள் அவரிடமே, “மாமா, இன்னும் ஒரு கிலோ ஏறினா கலிச்சா அக்காவக் கூப்பிடணும். அவங்க நரினுக்கு அனுப்பிருவாங்க போல” என்று உளறிவைத்தாள். வியாழன் 81. அப்பாடா! வெள்ளி 81.6. இன்று 82.1. வாரம் ஆரம்பித்த இடத்திலேயே முடிந்துவிட்டது, கோடு பச்சையை விட்டு நகரவே இல்லை. கடவுளுக்கு நன்றி சொல்லி அவள் டீயை ஊற்றிக்கொண்டாள்.

ஒரு மடக்குக்கூட இறங்கவில்லை. வியாழக்கிழமைத் தாளின் ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே ஒரு வரி: ‘அங்கி போடலை.’ கண்ணில் படுவதை எல்லாம் எழுதச் சொன்னார்களே என்று எழுதியது. பனி உருக ஆரம்பித்த நாள் அது, குளிரில்லை போல என்று விட்டுவிட்டாள். மற்ற தாள்களைப் புரட்டினாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்றிலும் ‘ஆட்டுத்தோல் அங்கியோட’. வெள்ளியும் இன்றும் அங்கி இல்லை.

ஜிபார் எழுந்தாள். ஆணியில் தொங்கிய அங்கியை எடுத்தாள். வெறுமனே தராசில் ஏறிப் பார்த்தாள், அப்புறம் அங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். சரியாக மூன்று கிலோ கூடியது.

மூன்று நாளிலிருந்தும் மூன்று கிலோவைக் கழித்துப் புதுப் புள்ளி வைத்தாள். திங்கள் 79. செவ்வாய் 79.4. புதன் 79.9. அதற்கப்புறம் 81, 81.6, 82.1. அடிக்கோடே மூன்று கிலோ கீழே போய்விட்டது. கோடு இறங்கவே இல்லை, ஒருநாள்கூட இறங்கவில்லை. மஞ்சள் பட்டைக்குள் வியாழக்கிழமையே நுழைந்திருந்தது, அவள் பாட்டுக்கு அன்று ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வீக்கம். ஆறு தாளிலும் ‘அப்படியேதான்’ என்று ஒரே சொல். அது அவர் வாயால் சொன்னது. மருமகள் மாமனாரின் வெறுங்காலைப் பார்க்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது, அவளும் கேட்டதில்லை. பாழாய்ப்போன வழக்கம்!

அவள் உள்ளே ஓடினாள். அப்தில்தா மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு.

“மாமா, காலக் காட்டுங்க.”

“என்னடீ பேச்சு இது? வெக்கமா இல்ல?”

“வெக்கம் கிடக்கட்டும் மாமா. காட்டுங்க.”

“எடைதான்... ஏறலையே. நீதான சொன்ன.”

“அங்கிய ஏன் கழட்டினீங்க?”

கிழவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஜிபார் தரையில் மண்டியிட்டு, முழங்கால் உயர மென்தோல் காலணியை இழுத்தாள். பக்கத் தையல் முழங்கால் வரைக்கும் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது. அறுக்காமல் கால் உள்ளே போயிருக்காது. கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். பிசைந்த மாவில் விழுந்த மாதிரி குழி விழுந்தது, நிரம்பவே இல்லை. இன்னும் மேலே அழுத்தினாள், முழங்காலுக்குக் கீழே. அங்கேயும் குழி.

“ராத்திரி படுத்தீங்களா மாமா?”

“படுத்தா... முங்குற மாதிரி இருக்கும்மா.”

சிவப்பு. ஜிபார் போனை எடுத்து 103-ஐ அழுத்தினாள். மேலே கணவாயில் சேறு, வண்டி வர ஒரு மணி நேரம் ஆகலாம் என்றார்கள். அடுத்த அழைப்பிலேயே கலிச்சா முக்காடு அவிழ ஓடிவந்தாள். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. போனில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டே நீர் இறக்கும் ஊசியை நரம்பில் போட்டாள். கட்டில் ஓரமாக நிமிர்ந்து உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டாள்.

“ஏன் சித்தப்பா இப்படிப் பண்ணீங்க? யார ஏமாத்தினீங்க, என்னையா?” ஜிபார் அங்கி விஷயத்தைச் சொன்னதும் கலிச்சா சீறினாள்.

“என் தம்பி அந்த நரின் வார்டுக்கு... நடந்துதான் போனான். தூக்கிட்டு வந்தோம்.” ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேடினார். “கோடு தாண்டலைன்னா... போக வேண்டாமேன்னு.”

“கோட்டப் பாத்தா உங்க உடம்புல தண்ணி ஏறுது? பழுத்த வியாபாரி நீங்க!”

ஜிபார் திருத்திய தாளை நீட்டினாள். “அக்கா, வண்டில வர்ற டாக்டருக்கு இதக் காட்டணும். மூணு கிலோ ஏறியிருக்கு, நான்தான் கவனிக்கல.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“மூணு இல்ல” என்றார் அப்தில்தா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. மிரட்டும் கண்கள் இல்லை அவை இப்போது, பயந்துபோன கண்கள்.

“நேத்தும் இன்னிக்கும்... ஜன்னல் கட்டைல கைய ஊனிக்கிட்டு நின்னேன். நீ முள்ளத்தான் பாத்த, என் கையப் பாக்கல.”

“எவ்வளவு ஊனினீங்க மாமா?” அவள் கட்டிலோர மேசையில் தாளை விரித்துப் பென்சிலை எடுத்தாள். “எவ்வளவு கூட்டிப் போடட்டும்?”

“இப்ப நிறுத்திப் பாக்கலாமா அக்கா?” என்று கலிச்சாவிடம் கேட்டாள்.

“நிக்கவச்சா விழுந்துருவாரு. வேண்டாம். எடை என்னவா இருந்தாலும் இது சிவப்புதான்.”

ஆனால் கிழவர் கையை நீட்டினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட மருமகளைத் தொடாதவர், பென்சிலோடு சேர்த்து அவள் விரல்களைப் பிடித்தார். சனிக்கிழமைப் புள்ளியிலிருந்து மெல்ல மேலே தள்ளினார். மஞ்சள் பட்டையைத் தாண்டியது. தாளின் மேல் ஓரத்தைத் தாண்டியது. பென்சில் மேசை விரிப்பில் கிழித்துக்கொண்டு போயிற்று, அவர் இன்னும் நிறுத்தவில்லை.

“போதும் மாமா, போதும்” என்று ஜிபார் கதறினாள்.