லண்டனுக்கு மட்டும் கேட்காத மைக்

என் மனைவி ஆகிலாவின் ஹெட்செட் விஷயத்தில் நான் கள்ளனானது எப்படி என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

ஆகிலா கணக்குப் பட்டதாரி. நான் கல்முனை பசாரில் புடைவைக் கடை வைத்திருக்கிறேன். லண்டனில் உசாந்தினி என்றொரு யாழ்ப்பாணத்துப் பெண், அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு நடத்துகிறார். சனிக்கிழமை சனிக்கிழமை வீடியோவில் கணக்குப் படிப்பிக்க ஆகிலாவைப் பரீட்சார்த்தமாக எடுத்தார். பட்டம் வாங்கி அலுமாரியில் வைத்த நாளிலிருந்து அவள் காத்திருந்த வேலை அது. "கண்டவனெல்லாம் பாக்கிற வேல நமக்கு எதுக்கு?" என்று நான் ஆரம்பத்தில் கேட்டது உண்மை. பிறகு ஓம் என்றதும் உண்மை. ஆனால் பெண்களுக்கு முதல் வாக்கியம்தான் மனதில் நிற்கும்.

முதல் வகுப்பில் பிள்ளைகளுக்கு அவள் முகம் தெரிந்தது, குரல் கேட்கவில்லை. உசாந்தினி திரையில் கையை ஆட்டி ஆட்டி, "ரீச்சர், உங்கட சத்தம் வரேல்ல" என்றாராம். அரை மணித்தியாலம் போராடி வகுப்பு கலைந்தது.

அன்று பின்னேரம் நாங்கள் எல்லாவற்றையும் பார்த்தோம். வயரில் உள்ள மியூட் சுவிட்ச் திறந்துதான் இருந்தது. வகுப்பு நடத்தும் செயலியிலும் மைக் அடையாளத்தில் குறுக்குக் கோடு விழவில்லை. லெப்டொப் செட்டிங்ஸில் மைக்குக்கு அனுமதி கொடுத்திருந்தது, பேச்சை வாங்குவதற்கு இந்த ஹெட்செட்டைத்தான் தெரிவு செய்திருந்தது. ஆகிலா தன் குரலைப் பதிந்து போட்டுக் கேட்டாள். மணி மாதிரிக் கேட்டது. அடுத்த வளவில் இருக்கும் தன் மூத்த சகோதரி அஸீஸா ராத்தாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள்.

"கேக்குதா ராத்தா?"

"ஓம் புள்ள, பக்கத்தில நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்குது."

அடுத்த சனிக்கிழமை லண்டனுக்கு மறுபடியும் கேட்கவில்லை.

அப்போதுதான் வீட்டுக்குள் சந்தேகம் புகுந்தது. முதலில் ஹெட்செட் விற்ற பளீலின் மேல் விழுந்தது. பாவித்த சாமானைத் துடைத்துப் பெட்டியில் போட்டு விற்றுவிட்டான் என்றாள் ஆகிலா. நான் கொண்டுபோய்க் காட்டினேன். பளீல் தன் தலையில் மாட்டி, தன் கம்பியூட்டரில் கதைத்துக் காட்டினான். என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவான். "மிஹ்லார் காக்கா, சாமான் பத்தரமாத்துத் தங்கம். ஒங்கட ஊட்டுலதான் என்னமோ நடக்குது" என்றான். அந்தப் பேச்சை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

பிறகு உசாந்தினியின் மேல் விழுந்தது. வேறு ஆளை எடுக்க நினைத்துக் கேட்காத மாதிரி நடிக்கிறாரோ என்றாள். ஆனால் பிள்ளைகள் எல்லாருமா நடிப்பார்கள்? அப்படியானால் மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.

ஒரு நாள் ஹெட்செட்டின் வயரைச் செருகும் இடத்தில் தூசி இருக்கிறதா என்று ஊதிக்கொண்டிருந்தேன். ஆகிலா வாசலில் வந்து நின்றாள்.

"என்ன செய்றீங்க மச்சான்?"

"தூசி பாக்கிறன்."

"கடைக்குப் போற நேரத்தில தூசியா?"

மறுநாள் அதைத் தேடினேன், கிடைக்கவில்லை. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து குடியிருப்பவன். பதினொரு வருடம் நான் வந்து குடியிருப்பவன் என்ற எண்ணமே வராமல் இருந்த எனக்கு, அந்தப் பூட்டைப் பார்த்ததும் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் கண்ணுக்கு நான் பேயாகிவிட்டேன்.

உசாந்தினி தகவல் அனுப்பியிருந்தார். இந்தச் சனியும் சத்தம் வராவிட்டால் வேறு ரீச்சரைப் பார்க்க வேண்டியிருக்கும், குறை நினைக்க வேண்டாம் என்று. ஆகிலா அழவில்லை. சோற்றுப் பானையை மட்டும் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை நான் கடைக்குப் போகவில்லை. வகுப்பு நேரத்தில் அறை வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "என்னத்துக்கு?" என்றாள். "கள்ளனப் பிடிக்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

லெப்டொப்பில் மைக் செட்டிங்ஸைத் திறந்து வைத்திருந்தாள். கதைத்தால் அதில் ஒரு கோடு ஓடும். ஹெட்செட்டை மாட்டி, "ஒண்டு, ரெண்டு, மூணு" என்றாள். கோடு துள்ளி ஓடியது. "பாத்தீங்களா? இப்ப வேல செய்யும். அவங்க வந்தவுடன செத்துப் போயிரும்" என்றாள்.

பிறகு ஸ்காப்பை எடுத்தாள். அந்நிய ஆட்கள் பார்க்கும் வீடியோ அல்லவா, முக்காடு இல்லாமல் எப்படி? துணிக்கு மேலே ஹெட்செட் வழுக்கும் என்று எப்போதும் உள்ளேதான் மாட்டுவாள். நாடிக்குக் கீழே பின் ஊசி குத்த இடைஞ்சலாக இருந்ததால் மைக் தண்டைக் கன்னத்திலிருந்து மேலே தூக்கிவிட்டாள். ஸ்காப்பை இறுக்கிச் சுற்றினாள், ஊசியைக் குத்தினாள். கடைசியில் தண்டின் வளையும் நுனியைப் பிடித்து வாய்க்கு நேராக வளைத்துவிட்டாள். பார்த்தால் மைக் சரியாக வாய்க்கு முன்னால்தான் நின்றது.

"உசாந்தினி அக்கா, கேக்குதா?" என்றாள். திரையில் உசாந்தினி தலையை இல்லை என்று ஆட்டினார்.

நான் உசாந்தினியைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தேன். அது செத்துக் கிடந்தது.

வாய்க்கு முன்னால் நின்றது நுனி மட்டும்தான். காதோடு பூட்டியிருந்த அடித்தண்டு இன்னும் மேலேதான் நின்றது, ஸ்காப் அதை அப்படியே இறுக்கிப் பிடித்திருந்தது. நான் எழுந்து போய், கெமராவில் விழாமல் பக்கவாட்டில் குனிந்து, துணியைக் கொஞ்சம் இளக்கி, தண்டை அடியோடு கீழே இறக்கினேன். காதடியில் 'டிக்' என்றது.

"என்ன மச்சான் செய்றீங்க!" என்று ஆகிலா கத்தினாள். கோடு பாய்ந்தது.

"இப்ப கேக்குது ரீச்சர்!" என்றார் உசாந்தினி. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சனியன் பிடித்த விஷயம் இவ்வளவுதான். தண்டை மேலே தூக்கினால் அந்த ஹெட்செட் தானாகவே மியூட் ஆகிவிடும். செயலிக்கு அது தெரியாது, அதனால் மைக் அடையாளத்தில் குறுக்குக் கோடு விழாது. ராத்தாவோடு கதைத்தும் எனக்கு முன்னால் குரலைப் பதிந்தும் சோதித்தபோதெல்லாம் அவள் தலையில் ஸ்காப் இல்லை. எங்களுக்கு முன்னால் எதற்கு அது? பளீலும் முக்காடு போட்டுச் சோதிக்கிற ஆளில்லை. அந்நியருக்கு முன்னால் மட்டும்தான் அவள் குரல் அடைபட்டது.

வகுப்பு அருமையாக நடந்தது. பின்னங்களை ரொட்டித் துண்டில் விளங்கப்படுத்தினாள். முடிவில் உசாந்தினி, இனி ஒவ்வொரு சனியும் நீங்கள்தான் என்றார். ஆகிலாவின் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் கலியாணத்தன்றும் காணவில்லை. எனக்கும் கண் கலங்கியது. பொய்யில்லை.

லெப்டொப்பை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நின்றேன்.

"ஒண்டு கேட்டா கோவிப்பீங்களா மச்சான்?"

"கேளு."

"இது ஒங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

முந்திய வகுப்புகள் நடந்தபோது நான் கடையில்தான் நின்றேன். இன்றுதான் பக்கத்தில் இருந்தேன், இருந்த கையோடு கண்டும் பிடித்தேன். அவள் கணக்கு ரீச்சர். கூட்டிப் பார்த்திருக்கிறாள்.

"வல்லாஹி, தெரியா" என்று அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்தேன்.

"சரி, சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள். சாப்பாடு முடியும் வரைக்கும் என் முகத்தை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.