பட்டாசு பேரில் ஒரு வண்டி

சின்ன வயதிலேயே என் அண்ணன் எனக்குப் பட்டாசு என்று பெயர் வைத்துவிட்டான். தொட்டால் வெடிப்பேனாம். வீட்டிலும் தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. கேக் வாங்க வருகிறவர்கள்கூட "பட்டாசு இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். கார் கூப்பிடும் ஆப்பை என் போனில் போட்டுக் கொடுத்ததும் அண்ணன்தான். பெயர் கேட்ட இடத்தில் பட்டாசு என்று தட்டிவிட்டு ஈயென்று இளித்தான். மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே விட்டிருந்தேன்.

நானும் அவன் மனைவியும் சேர்ந்து கேக் போடுகிறோம். என் வீட்டுத் தரைத்தளத்தில் இரண்டு அறை, ஒரு பெரிய ஓவன், ஒரு ஃப்ரிட்ஜ்; அண்ணி அடுத்த தெருவிலிருந்து வருவாள். சுடுவதும் கிரீம் பூசுவதும் என் வேலை. சர்க்கரைப் பூவும் மற்ற அலங்காரமும் அண்ணியின் வேலை. அண்ணி கை பட்டால் சர்க்கரை இதழ் இதழாக விரியும். எனக்கு அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது.

போன வாரம் ஒரு பிறந்தநாள் கேக்கைக் காரில் கொண்டு போனோம். ஏறி உட்கார்ந்ததுமே நான் டிரைவரிடம், "ஏசியப் போடுங்க, மெதுவா போங்க, அந்த ரோட்டுல போகாதீங்க" என்று ஆரம்பித்தேன். ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டது. "கண்ணு தெரியலயா?" என்று கத்தினேன். அந்த ஆள் அடுத்த சிக்னலில் பிரேக்கை ஒரு மிதி மிதித்தார். மேலடுக்கு அப்படியே சரிந்து பெட்டியின் ஓரத்தில் அப்பிக்கொண்டது. அண்ணி செய்த பூவெல்லாம் கூழ்.

அன்று அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டே, "முன்ன நான் வேல பாத்த ஸ்கூல் ஆபீஸ்ல திரும்பக் கூப்பிடறாங்க. திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். சனிக்கிழமை ஓட்டல் கேக்கும் இப்படி ஆச்சுன்னா நான் அங்கயே போயிடறேன்" என்றாள். அண்ணி இல்லாமல் நான் வெறும் பன் சுடுகிறவள்.

ஓட்டல் கேக் என்பது ஒரு பரீட்சை. அங்கே விருந்துகளைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர், சனிக்கிழமை மாலை விருந்துக்கு ஒரு கேக் கேட்டிருந்தார். நல்லபடியாக வந்து சேர்ந்தால் வாராவாரம் எங்களுக்கே ஆர்டர் என்றிருந்தார்.

சனிக்கிழமை மதியம் இரண்டடுக்குக் கேக்கைப் பெட்டிக்குள் இறக்கி, ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்தோம். ஆப்பில் வண்டி கேட்டேன். ஒருவர் ஏற்றுக்கொண்டார். உடனே ஆப்பின் சாட் பெட்டியைத் திறந்து தட்டினேன்: "பெரிய பெட்டி இருக்கு. டிக்கி காலியா இருக்கணும். கொஞ்சம் அதிர்ந்தாலும் போச்சு. சீக்கிரம் வாங்க."

வரைபடத்தில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்த குட்டிக் கார் நின்றது. பிறகு பயணம் ரத்து என்று வந்தது.

"பாத்தீங்களா அண்ணி? திமிரு!" என்றேன்.

அண்ணி பெட்டிக்கு மேல் விசிறிக்கொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டேன். இன்னொருவர் கிடைத்தார். அதே செய்தியை அப்படியே எடுத்து ஒட்டி அனுப்பினேன். இந்த முறை போன் அடித்தது.

"ஏம்மா, உங்களுக்கே இது நல்லாருக்கா?" என்றார் அந்த டிரைவர்.

"எது?"

"பட்டாசு, பெரிய பெட்டி, அதிர்ந்தா போச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நான் புள்ளகுட்டிக்காரன். என் லைசென்சும் போகும், உயிரும் போகும். லாரி பாத்துக்கோங்க."

"யோவ், பட்டாசு என் பேருய்யா!" என்று நான் கத்துவதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். இந்தப் பயணமும் ரத்து.

அண்ணி விசிறுவதை நிறுத்திவிட்டு என் போனை வாங்கிப் பார்த்தாள். மேலே பட்டாசு என்று பெரிதாக என் பெயர். கீழே என் செய்தி. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வெயில் சுட்டுக்கொண்டிருந்தது, உள்ளே கிரீம் இளகிக்கொண்டிருந்தது.

"சிரிக்காதீங்க அண்ணி. எனக்கு உடம்பெல்லாம் எரியுது."

"ஒரு வணக்கம் போட்டு ஆரம்பிச்சிருந்தா மனுஷி பேசறான்னாவது தெரிஞ்சிருக்கும்" என்றாள் அண்ணி. "இது மிரட்டல் மாதிரி இருக்கு."

மூன்றாவது வண்டி கிடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன்: "வணக்கம் அண்ணா. பட்டாசு என் பேரு, எங்க அண்ணன் வெச்சது. பெட்டியில இருக்கறது கேக். சாயாம, குலுங்காம கொண்டு போகணும், அதனால மெதுவா போனா போதும். மருந்துக் கடைக்குப் பக்கத்துல நீலக் கேட், வாசல்லயே நிக்கறோம்." அனுப்பிவிட்டு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது. "வணக்கம்மா. நல்ல வேள சொன்னீங்க. வந்துட்டே இருக்கேன்." கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சி.

நீலக் கேட்டுக்கு வெளியே வந்து நின்ற கார் கொஞ்சம் பழசு. நம்பரை ஆப்பில் இருந்ததோடு சரிபார்த்தேன். டிரைவர் நரைத்த மீசைக்காரர். என் பெயரை நானாகச் சொல்லக் கூடாது, அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்பதில் மட்டும் நான் எப்போதும் உஷார், தப்பான வண்டியில் ஏறிவிடக் கூடாதே.

"வணக்கம் அண்ணா. யாருக்கு வந்திருக்கீங்க?"

"பட்டாசுக்கு" என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். பயணத்தைத் தொடங்குகிற நான்கு இலக்க எண்ணைச் சொன்னேன். தட்டிக்கொண்டார்.

"டிக்கியத் திறங்கண்ணா. சமமா இருக்கும், அங்கயே வெச்சிடலாம்."

அவர் இறங்கினார். திறக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"ஒன்னு சொல்லிடறேன்மா. பின்பக்கம் ஷாக் அப்சார்பர் போயிடுச்சு. நாளைக்குத்தான் மாத்தப் போறேன். ஆளுங்க ஏறினா முதுகு வலிக்குதுன்னு ஒரு முணுமுணுப்போட போயிடுவாங்க. கேக்கு தாங்காது. நீங்க வணக்கம் சொல்லி, உள்ள இன்னதுன்னு வெவரமா எழுதிட்டீங்க. மறைச்சு ஏத்தினா எனக்கு மனசு கேக்காது. வேற வண்டி பாக்கறதா இருந்தா, நானே கேன்சல் பண்ணிக்கறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு ஏனய்யா ரோட்டுக்கு வந்தாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணியைப் பார்த்தேன். அவள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள், விரல் நுனிகள் வெளுத்திருந்தன. விழுங்கினேன். நெருப்பை விழுங்குகிற மாதிரிதான் இருந்தது.

"சொன்னதுக்கு ரொம்ப நன்றிண்ணா" என்றேன். "முன்பக்கம் எப்படி?"

"முன்பக்கம் புதுசு. போன மாசம்தான் போட்டேன்."

"அப்ப முன் சீட்டப் பின்னால தள்ளிட்டு, கால் வைக்கிற இடத்துல வெச்சுக்கலாமா?"

அவர் சீட்டைத் தள்ளி, கால்மிதி விரிப்பை எடுத்துவிட்டுத் தரையைத் துணியால் துடைத்தார். மடித்த துண்டு ஒன்றைப் பெட்டிக்கு அடியில் கொடுத்து மட்டம் பார்த்தேன். நகரவில்லை. கேட்காமலேயே ஏசியைக் கூட்டி, காற்று கீழ்ப்பக்கம் போகிற மாதிரித் திருப்பிவைத்தார். நாங்கள் இருவரும் பின்னால் ஏறிக்கொண்டோம்.

அப்பப்பா, அந்தப் பின் சீட்டு! ஒவ்வொரு பள்ளத்துக்கும் எங்கள் தலை கூரையைத் தொட்டு வந்தது. அவர் முன்கூட்டியே, "பள்ளம் வருதும்மா, புடிச்சுக்கோங்க" என்று அறிவிப்பார். நாங்கள் பிடித்துக்கொள்வோம். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரனை அலறவிட்டன. ஒருத்தன் பக்கத்தில் வந்து எங்கள் டிரைவரைக் கேவலமாகத் திட்டிவிட்டுப் போனான். அவர் கண்டுகொள்ளவில்லை. என் இடுப்பு எலும்பு இடம் மாறியிருக்கும், ஆனால் முன்னால் இருந்த பெட்டி கோயில் சிலை மாதிரி அசையாமல் இருந்தது.

ஓட்டலின் பின்வாசலில் இறக்கினோம். மேனேஜர் மூடியைத் திறந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓர் இதழ்கூட விலகவில்லை. "அடுத்த சனிக்கிழமையும் நீங்களே கொண்டு வந்துடுங்க" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. வெளியே ஓடிவந்து டிரைவருக்கு இன்னொரு நன்றி சொன்னேன். "கேக்கு பொழச்சுதா?" என்று கேட்டுவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

"அண்ணி, ஜெயிச்சுட்டோம்! ஸ்கூலுக்கு வரலன்னு இப்பவே போன் போடுங்க."

அண்ணி ஓட்டல் மதிலோரம் நிழலில் நின்றிருந்தாள். போனை எடுக்கவில்லை.

"பட்டாசு, நான் போறேன்னு சொன்னது கேக்குக்காக மட்டும் இல்ல."

"பின்ன?"

"அந்த டிரைவர் யாரு எவருன்னே உனக்குத் தெரியாது. வாசல்லயே நின்னு வணக்கம் சொன்ன. மனசுக்குப் பிடிக்காததச் சொன்னப்பவும் நன்றி சொன்ன. நல்லாத்தான் இருந்துது பாக்க." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் தினமும் காலைல அந்தக் கேட்டத் தொறந்துட்டு வர்றேன். வாங்க அண்ணின்னு ஒரு நாள் சொல்லியிருக்கியா? நான் செருப்பக்கூடக் கழட்டல, அதுக்குள்ள 'சர்க்கரை சலிச்சாச்சா'ன்னு கேப்ப."

அதற்கென்று இப்போதா சொல்வது, நல்ல நேரத்தில் என்று எரிச்சல்தான் முதலில் வந்தது. என் புத்தி அப்படி. வாயைத் திறந்தேன். ஒரு நாளாவது சொல்லியிருப்பேன் என்று தேடிப் பார்த்தேன். ஒரு காலைகூட அகப்படவில்லை. வெயிலில் நின்றுகொண்டு எனக்குக் கண் கலங்கியது. ஆட்டோ பிடித்து வீடு திரும்பினோம்.

திங்கட்கிழமை ஓவன் சூடாகிக்கொண்டிருந்தது. வேலை ஓடவில்லை. மாவை அளக்கிறேன், மறந்துபோகிறேன், மறுபடி அளக்கிறேன். அண்ணி வருகிற நேரம் தாண்டிவிட்டது. ஸ்கூலுக்குப் போய்விட்டாள் என்றே முடிவுகட்டி, மாவுக் கையோடு வாசலுக்கு வந்து நின்றேன்.

தெருமுனையில் அண்ணி வந்துகொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல் வந்தாள். கேட்டருகே வந்ததும் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன வழியடைச்சுக்கிட்டு நிக்கற?"

யாரோ ஒரு டிரைவருக்கு அவ்வளவு சுலபமாக வணக்கம் சொன்ன நான், இப்போது மாவுக் கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டேன்.

"வாங்க அண்ணி" என்றேன். அடிக்கப் போகிறவள் குரலில்தான் வந்தது.

அண்ணி உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, நிதானமாக ஓரத்தில் விட்டாள். நான் சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை. பையை மாட்டிவிட்டு அவளே சல்லடையை எடுத்தாள்.

"ஸ்கூல்ல ஒரு மாசம் டைம் கேட்டிருக்கேன்" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "நாளைக்குக் காலைல நான் வர்றப்ப நீ என்ன சொல்றன்னு பாக்கறேன்."